பழைய ஆயில் சீலைக் கழற்ற: நெம்புவதா, கொக்கியா, ஸ்க்ரூவா?

ஒரு கியர்பாக்ஸை எடுத்துக்கொள்வோம். ஹவுசிங் அலுமினியம். ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் 35-52-7 அளவுள்ள ஆயில் சீல்: ஷாஃப்ட் 35 மி.மீ., சீல் உட்காரும் துளை 52 மி.மீ., சீலின் அகலம் 7 மி.மீ. ஷாஃப்டைக் கழற்றவில்லை, அது அப்படியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சீலின் பின்னால் பேரிங். ஷாஃப்டுக்கும் துளைச் சுவருக்கும் நடுவே நமக்குக் கிடைப்பது எட்டரை மி.மீ. வளையம் மட்டுமே. அதற்குள்தான் எல்லா வேலையும்.

துளைச் சுவரில் எந்தக் கீறல் கெடுதல் செய்யும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். சுற்றுவாக்கில் விழுந்த கீறல் பெரும்பாலும் தொல்லை தராது, எண்ணெய் அதில் சுற்றிச்சுற்றி வருமே தவிர வெளியேற வழி இல்லை. உள்ளிருந்து வெளியே நீளவாக்கில் ஓடும் கீறல்தான் ஆபத்து. புது சீலின் வெளிவிளிம்பு அதற்கு மேல் பாலம் போல உட்காரும், அடியில் எண்ணெய் கசியும். இதில் வருத்தமான விஷயம், சீலை வெளியே இழுக்கும் திசையும் நீளவாக்குதான்.

ஸ்க்ரூடிரைவரால் நெம்புவது எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. அதன் குறை நுனியில் மட்டும் இல்லை, தாங்கும் இடத்திலும் இருக்கிறது. கைப்பிடிப் பக்கம் 200 மி.மீ., நுனிப் பக்கம் 10 மி.மீ. என்றால், கையால் 5 கிலோ அழுத்தினாலே நுனியில் 100 கிலோ விசை வரும். கம்பி தாங்கி நிற்கும் இடத்தில் 105 கிலோ விழும். அந்த இடம் பெரும்பாலும் துளையின் வாய் விளிம்பு. இரும்புக் கம்பியின் அடியில் அலுமினியம் பள்ளம் விழாமல் என்ன செய்யும்? அதைவிட மோசமானது, சீலின் வெளிவிளிம்புக்கும் துளைக்கும் நடுவே நுனியைச் சொருகுவது. அங்கே இடைவெளியே கிடையாது, நுனி சுவரை உழுதுகொண்டுதான் உள்ளே போகும். நான் ஒருமுறை இப்படிச் செய்து, புது சீல் போட்ட மூன்றாம் நாளே சீலின் வெளிப்பக்கத்தில் எண்ணெய் ஈரத்தைப் பார்த்தேன். ஷாஃப்டை ஒட்டிய உதட்டுப் பகுதி சுத்தமாக இருந்தது. கசிவு வெளிவிளிம்பில் என்றால் துளையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கொக்கி வகை சீல் புல்லர் இதைவிட நல்லது. கொக்கி சீலின் உள்விளிம்புக்குப் பின்னால் பிடிக்கிறது, அதனால் நுனி துளைச் சுவரின் பக்கமே போவதில்லை. தாங்கும் இடத்தில் ஒரு மரத்துண்டு வைத்தால் வாய் விளிம்பும் பிழைக்கும். ஷாஃப்டைக் கழற்றிவிட்ட ஹவுசிங் என்றால் நான் தயங்காமல் இதைத்தான் எடுப்பேன். ஆனால் நம் கியர்பாக்ஸில் ஷாஃப்ட் இருக்கிறது. கொக்கியை உதட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே நுழைக்க வேண்டும். அங்கே கீறினால் புது சீலின் உதடு ஓடும் பாதையே கெடும். துளையைக் காப்பாற்றி ஷாஃப்டை இழப்பது எந்தக் கணக்கில் லாபம்?

இன்னொன்றும் உண்டு. கொக்கியால் ஒரே பக்கத்தில் இழுத்தால் சீல் சாய்ந்து வரும். வெளிப்புறம் ரப்பர் போர்த்திய சீல் என்றால் பரவாயில்லை. வெறும் இரும்பு ஓடு தெரியும் சீல் என்றால், சாய்ந்த ஓட்டின் விளிம்பே அலுமினியத்தைக் கீறும். கருவி தொடாத இடத்தில் கீறல் எப்படி வந்தது என்று குழம்புபவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதுதான். எனவே கொக்கி என்றாலும் ஓரிடத்தில் கொஞ்சம், அப்புறம் எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இழுக்க வேண்டும்.

ஷாஃப்ட் இருக்கும்போது என் தேர்வு ஸ்க்ரூ. சீலின் வெளிமுகத்தில், ரப்பருக்கு அடியில் சுமார் ஒரு மி.மீ. தடிமனுள்ள இரும்புத் தகடு இருக்கும். அதில் எதிரெதிராக இரண்டு சிறு துளைகள் போட்டு, தகட்டில் தானே மரை வெட்டிக்கொள்ளும் ஸ்க்ரூக்களை ஏற்றி, அவற்றைப் பிடித்து இழுப்பதுதான் முறை. விசை நேராக வெளிப்பக்கம் போகிறது. கருவி எதுவும் துளைச் சுவரையோ ஷாஃப்டையோ தொடவில்லை.

எங்கே துளைப்பது என்பதில்தான் வெற்றி. நம் எட்டரை மி.மீ. வளையத்தில், துளைச் சுவரிலிருந்து நாலு மி.மீ. தள்ளி, அதாவது நடுவிலிருந்து சற்றே வெளிப்பக்கம். இன்னும் வெளியே போனால் ஓட்டின் சுவரில் பிட் வழுக்கித் துளைச் சுவருக்குப் போய்விடும். உள்ளே தள்ளினால் வெறும் உதட்டு ரப்பர்தான். ஸ்க்ரூ ஏறும்போது கையில் கடிப்பு தெரியாவிட்டால் தகட்டைத் தவறவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முதலில் சென்டர் பஞ்ச் வைத்து மெல்ல ஒரு புள்ளி தட்டிக்கொள்ளுங்கள். இரண்டரை மி.மீ. பிட்டில், நுனியிலிருந்து 3 மி.மீ. விட்டு டேப் சுற்றுங்கள், பிட் நுனியில் கிரீஸ் தடவுங்கள். தகடு துளைபட்டதும் கை உணரும், உடனே நிறுத்த வேண்டும். கிரீஸ் இரும்புத் துகளைப் பிடித்துக்கொள்ளும். இரும்புத் துகள் பேரிங்குக்குள் விழும் அபாயம் இந்த முறையின் உண்மையான பலவீனம், அதை மறைக்கக் கூடாது. துளையிட்டதும் சுற்றிலும் துடைத்து, காந்தத்தாலும் ஒருமுறை எடுத்துவிட வேண்டும்.

பிறகு மூன்றரை மி.மீ. ஸ்க்ரூ. சீலின் அகலம் 7 மி.மீ. என்பதால் ஸ்க்ரூ நுனி 5 மி.மீ.க்கு மேல் உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் பேரிங்கைத் தொடாது. ஹவுசிங் முகத்தில் மரத்துண்டை வைத்து, ஸ்க்ரூத் தலையைக் கட்டிங் பிளேயரால் பிடித்து, மரத்தின் மேல் உருட்டி ஒரு பக்கம் ஒரு மி.மீ., மறுபக்கம் ஒரு மி.மீ. என்று இழுங்கள். ஏழெட்டுச் சுற்றில் சீல் கையோடு வந்துவிடும். ஸ்க்ரூ தகட்டைக் கிழித்துக்கொண்டு தனியே வந்தால் பெரிய ஸ்க்ரூவைத் தேட வேண்டாம், கால் சுற்று தள்ளிப் புதுத் துளை போடுவது பாதுகாப்பு.

ஹவுசிங்கைத் தனியாகப் பிரித்துவிட்டு, பின்பக்கம் பேரிங்கோ படியோ தடுக்காமல் சீலின் முழு முகமும் எட்டினால் இந்த விவாதமே தேவையில்லை. துளையைவிடச் சற்றுச் சிறிய குழாயை வைத்துப் பின்னாலிருந்து நேராகத் தட்டி வெளியே தள்ளுங்கள். எல்லா வழியிலும் இதுவே சிறந்தது, வாய்ப்புதான் அரிது. எந்த வழியானாலும், கழற்றும் முன் பழைய சீல் எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று மூன்று இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

சீல் வந்தபின் ஒரு சிறு பஞ்சை எடுத்துத் துளைச் சுவரில் ஓட்டிப் பாருங்கள். இழை சிக்கும் இடத்தில் பிசிர் நிற்கிறது. பள்ளத்தைவிட நிமிர்ந்த பிசிர் அதிகக் கெடுதல், புது சீலின் வெளிவிளிம்பை உள்ளே போகும்போதே வெட்டிவிடும். 400 எண் எமரி பேப்பரால், சுற்றுவாக்கில் மட்டும் தேய்த்துப் பிசிரை எடுங்கள். கீறல் வாயிலிருந்து இரண்டு மி.மீ.யோடு நின்றுவிட்டால் மீதி ஐந்து மி.மீ. சீலை அடைத்துக்கொள்ளும். முழு அகலத்துக்கும் ஓடினால், புது சீலின் வெளிவிளிம்பில் மெல்லிய சீலன்ட் பூச்சு கொடுத்துத்தான் போட வேண்டும், அதுவும் உதட்டில் படாமல். நகம் நன்றாகச் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் பூச்சை நம்பாமல் ஹவுசிங்கைச் சரிசெய்யக் கொடுத்துவிடுவது நல்லது.