கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இணைப்பு அறுந்தால்: மறுப்பதா, பதிவதா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து நிறுவைப் பதிவைக் கணினிக்கு மாற்றியபோது இந்தத் தேர்வை நானே செய்ய வேண்டியிருந்தது. மூன்று மடுவங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு டெப்லட், தொழிற்சாலை அலுவலகத்தில் ஒரு சேர்வர். அடைமழை நாட்களில் இணைப்பு அறுந்துவிடும். அப்போது எல்லா இடத்திலும் ஒரே கணக்கே தெரிய வேண்டும் என்ற முரணின்மை, எந்த இடமும் எப்போதும் வேலை செய்ய வேண்டும் என்ற கிடைப்புநிலை இரண்டையும் சேர்த்து வைத்திருக்க முடியாது. கணினி அறிவியலாளர் எரிக் புரூவர் 2000இல் முன்வைத்த இந்தக் கூற்றை கில்பர்ட்டும் லிஞ்சும் 2002இல் நிறுவினார்கள்.

முரணின்மையைத் தேர்ந்தால், சேர்வரை எட்ட முடியாத மடுவம் பதிவை மறுக்கும். கணக்கு பிசகாது. ஆனால் கூடையோடு மழையில் வரிசையில் நிற்பவரிடம் "இணைப்பு வரட்டும்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் கிடைப்புநிலையைத் தேர்ந்தேன்: மடுவம் தன்னிடமே பதிந்துகொள்ளும், இணைப்பு வந்ததும் எல்லாப் பிரதிகளும் ஒன்றாகும்.

அந்த ஒன்றாகும் இடத்தில்தான் முதல் வடிவமைப்பு தவறியது. ஒவ்வொருவருக்கும் அன்றைய மொத்தக் கிலோவை ஒரே எண்ணாக வைத்திருந்தேன். ஒருவருக்குக் காலையில் 7 கிலோ பதிந்து எல்லா இடத்துக்கும் போய்விட்டது. பிறகு இணைப்பு அறுந்தது. மேல்மடுவம் 6 கிலோ சேர்த்து 13 என்று எழுதியது. அதை அறியாத கீழ்மடுவம், மாலையில் அவர் அங்கே கொண்டுவந்த 5 கிலோவைத் தன்னிடமிருந்த 7உடன் கூட்டி 12 என்று எழுதியது. இணைப்பு வந்தபோது, கடைசியாக எழுதியதே செல்லும் என்ற விதிப்படி 12 நின்றது. உண்மையில் அவர் பறித்தது 18 கிலோ. எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. அவர் கையிலிருந்த நிறுவைத் துண்டுச்சீட்டுதான் காட்டிக்கொடுத்தது. டெப்லட்டின் கடிகாரம் பிந்தியிருந்தால் "கடைசி" எது என்பதே மாறிவிடும்.

இப்போது மொத்தத்தைச் சேமிப்பதில்லை. ஒவ்வொரு நிறுவையும் மடுவத்தின் பெயரும் தொடர் எண்ணும், பிறகு தொழிலாளியின் எண்ணும் கிலோவும் கொண்ட தனிப் பதிவு:

```
MEL-0041  214  +6
KEEZH-0029  214  +5
```

எந்த வரிசையில் வந்தாலும் கூட்டுத்தொகை ஒன்றே. ஒரே பதிவு இருமுறை வந்தால் எண்ணைப் பார்த்து ஒன்றை விட்டுவிடலாம். தவறான நிறுவையை அழிக்காமல் கழித்தல் பதிவால் திருத்துகிறோம். தொடர் எண்ணில் இடைவெளி இருந்தால் ஏதோ வந்து சேரவில்லை என்று தெரியும். இடையில் விடுபடாமல் கடைசிப் பதிவுகள் மட்டும் வராதிருந்தால் இடைவெளி தெரியாது. ஆகவே ஒவ்வொரு மடுவமும் அன்றைய இறுதி எண்ணை அனுப்பும்வரை சம்பளக் கணக்கை மூடுவதில்லை.

விலை இல்லாமலில்லை. துண்டிப்பின்போது அலுவலகத்தில் தெரியும் மொத்தம் பழையது. எப்போது சரியாகும் என்று இந்த முறை உறுதி தருவதில்லை. இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய வரம்பையும் அதனால் காக்க முடியாது. ஒருவருக்கான முற்பணத்தின் உச்சம் 5000 ரூபாய் என்றால், துண்டிக்கப்பட்ட இரண்டு இடங்களும் அவருக்கே தலா 5000 கொடுத்துவிடும். பிறகு எப்படி ஒன்றாக்கினாலும் கொடுத்த பணம் திரும்பாது. ஆகவே முற்பணத்துக்கு மட்டும் முரணின்மையை வைத்தேன்: சேர்வர் எட்டாவிட்டால் மறுப்பு. மூன்று மடுவங்களில் இது நன்றாக ஓடுகிறது. நூறு இடங்களுக்கு இதே வடிவம் தாங்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன்.