Ø20 பின், மூன்று வரைபடங்கள்: அளவு டாலரன்ஸ், வட்டத்தன்மை, உருளைத்தன்மை

காரைக்குடி, புதுவயல் பக்கத்து லேத் பட்டறைகளுக்கு அரிசி ஆலை வேலையில் ஒரு பின் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 20, நீளம் 60 மி.மீ. 60 மி.மீ. நீள புஷ்ஷுக்குள் அது வழுக்கி ஓட வேண்டும். ஒரே பின்னை மூன்று விதமாக வரைந்து அனுப்பலாம். முதல் வரைபடத்தில் Ø20 h6 மட்டும் இருக்கும். இரண்டாவதில் அதோடு ஒரு கட்டத்தில் வட்டத்தன்மைக் குறியோடு ○ 0.004. மூன்றாவதில் ○ குறிக்குப் பதிலாக உருளைத்தன்மைக் குறியோடு ⌭ 0.004. எண் ஒன்றேதான், ஆனால் கேட்பது மூன்று வேறு விஷயங்கள்.

Ø20 h6 என்றால் 20.000-க்கும் 19.987-க்கும் நடுவில் விட்டம் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. முறைப்படி வரைந்த படத்தில், தனியாக ஒன்றும் சொல்லாவிட்டால், இந்த விட்டம் எதிரெதிரே இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம்தான். மைக்ரோமீட்டர் பிடிப்பதும் அதையேதான். எந்த இடத்தில் பிடித்தாலும் இந்த எல்லைக்குள் வந்தால் பின் தேறிவிடும். அது வட்டமா, நேரா என்று அந்த எண் கேட்பதே இல்லை.

○ 0.004 என்பதை இப்படிப் படிக்க வேண்டும். பின்னை அச்சுக்குக் குறுக்கே எந்த இடத்தில் வெட்டினாலும், அந்த வெட்டின் விளிம்பு முழுவதும் ஒரே மையம் கொண்ட இரண்டு வட்டங்களுக்கு நடுவே அடங்க வேண்டும். அந்த இரண்டு வட்டங்களின் ஆர வித்தியாசம் 0.004. விட்ட வித்தியாசம் அல்ல, ஆர வித்தியாசம். அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். முட்டை வடிவமாகிப்போன பின்னில் பெரிய விட்டம் 19.998, சின்ன விட்டம் 19.992 என்று வந்தால், 0.006 என்று எடுத்துத் தள்ளிவிடக் கூடாது. வட்டப் பிழை அதில் பாதி, 0.003. பின் தேறும்.

அந்த இரண்டு வட்டங்களுக்கும் சொந்தமாக விட்டம் கிடையாது. பின் எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவுக்குப் பெருத்தோ சிறுத்தோ உட்காரும். ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரமாக வைக்கும் டேட்டமும் கிடையாது. ○ கட்டத்தில் மூன்றாவதாக A என்று ஓர் எழுத்து இருந்தால் வரைந்தவரிடம் திருப்பிக் கேளுங்கள், அவர் மனதில் இருந்தது ஒருவேளை ரன்-அவுட்டாக, அதாவது டேட்டம் அச்சில் சுற்றும்போது வரும் ஆட்டமாக இருக்கும்.

மைக்ரோமீட்டர் அடியோடு ஏமாறும் இடம் மூன்று மேடு விழுந்த பின். சென்டர்லெஸ் கிரைண்டிங்கில், பின்னின் மையம் சக்கரங்களின் மையக் கோட்டிலேயே இருக்கும்படி பிளேடைத் தாழ்வாக வைத்து அரைத்தால் இது வரும். ஒரு பக்கம் மேடு விழுந்தால் நேர் எதிர்ப்பக்கம் அதே அளவு பள்ளம் விழும். ஆகவே எந்தத் திசையில் பிடித்தாலும் விட்டம் ஒன்றாகவே காட்டும். மெல்லிய புஷ்ஷை மூன்று தாடை சக்கில் இறுக்கிப் பிடித்துத் துளையைக் கடைந்தால், கழற்றியதும் துளை இதே வடிவத்துக்குப் போய்விடும்.

கணக்கோடு பார்ப்போம். பின்னை எங்கே பிடித்தாலும் மைக்ரோமீட்டர் 19.994 காட்டுகிறது. முதல் வரைபடத்துக்கு இது தேறிய பின். இப்போது அதை 90 பாகை வி-பிளாக்கில் படுக்க வைத்து, 0.001 டயலை நேர் மேலே, வி-யின் நடுக்கோட்டில் நிறுத்துங்கள். 0.01 டயல் இதற்கு உதவாது. மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றினால் முள் மூன்று முறை ஏறி இறங்குகிறது, மொத்த ஆட்டம் 0.016. மூன்று ஏற்றம் என்றால் மூன்று மேடு. 90 பாகை வி-பிளாக் மூன்று மேட்டுப் பிழையை இரண்டு மடங்காகக் காட்டும். ஆகவே உண்மையான வட்டப் பிழை 0.008. இரண்டாவது வரைபடப்படி பின் கழிவு.

அந்தப் பின் புஷ்ஷுக்குள் என்ன செய்யும்? சராசரி ஆரம் 9.997, மேடு அதற்கு மேல் 0.004. மேடுகளைத் தொட்டுச் சுற்றி வரையும் வட்டத்தின் ஆரம் 10.001, அதாவது விட்டம் 20.002. துளை 20.000 என்று இருந்தால் 19.994 பின் உள்ளே போகாது. மைக்ரோமீட்டர் மேல் குற்றம் இல்லை, கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வி-பிளாக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 90 பாகையில் ஐந்து மேடும் இரண்டு மடங்காகத் தெரியும், ஆனால் ஏழு மேடு தெரியவே தெரியாது. 60 பாகையில் மூன்று மேடு மூன்று மடங்காகத் தெரியும், முட்டை வடிவமோ ஐந்து மேடோ துளியும் தெரியாது. அதனால் முட்டை வடிவத்துக்கு மைக்ரோமீட்டர், மேடுகளுக்கு வி-பிளாக் என்று இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டு சென்டருக்கு நடுவே சுற்றி டயல் பிடிப்பதும் ஒரு வழி, ஆனால் சென்டர் துளை கோணலாக இருந்தால் அந்தப் பிழையும் சேர்ந்து வரும். அந்த ஆட்டம் 0.004-க்குள் இருந்தால் வட்டத்தன்மை நிச்சயம் தேறும். தாண்டினால் பின்தான் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது.

இனி ⌭ 0.004. இதில் வட்டங்களுக்குப் பதிலாக ஒரே அச்சுள்ள இரண்டு உருளைகள். ஆர வித்தியாசம் அதே 0.004, ஆனால் பின்னின் மேற்பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் அவற்றுக்குள் அடங்க வேண்டும். அடி பருத்து மேலே போகப் போகச் சிறுக்கும் தேக்குத் தூணை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த உயரத்தில் கயிறு சுற்றினாலும் வட்டமாகவே இருக்கும். வட்டத்தன்மையில் அதற்கு முழு மதிப்பெண், உருளைத்தன்மையில் தோல்வி.

நம் பின்னில் ஒரு முனை 19.998, மறுமுனை 19.987, நடுவில் சீரான சரிவு, ஒவ்வொரு வெட்டும் அப்பழுக்கில்லாத வட்டம் என்றால், h6 தேறும், ○ தேறும். விட்ட வித்தியாசம் 0.011, ஆரத்தில் 0.0055, ஆகவே ⌭ தேறாது. சென்டருக்கு நடுவே அரைக்கும்போது டெயில்ஸ்டாக் 0.0055 விலகியிருந்தாலே இவ்வளவு சரிவு வந்துவிடும்.

வளைந்த பின் இன்னும் கெட்டிக்காரன். எங்கும் 19.994, வட்டமும் சரி, ஆனால் நடுவில் 0.010 தொய்வு. மைக்ரோமீட்டருக்கும் ○-க்கும் இது தெரியாது. நேரான 20.000 புஷ்ஷுக்குள் இந்தப் பின்னுக்கு 20.004 இடம் வேண்டும், மாட்டிக்கொள்ளும். இரண்டு முனையிலும் வி-பிளாக் வைத்து நடுவில் டயல் பிடித்தால் ஆட்டம் 0.020 வரும், தொய்வைப் போல இரு மடங்கு.

அப்படியானால் எங்கும் ⌭ போட்டுவிடலாமே என்றால், அளக்க வழி இருக்க வேண்டும். மேற்பரப்பு முழுவதையும் ஒரே அச்சுக்கு ஒப்பிட, நேரான நெடுந்தூண் உள்ள ரவுண்ட்னஸ் டெஸ்டரோ சி.எம்.எம்.மோ தேவை. பட்டறையில் மைக்ரோமீட்டரும் வி-பிளாக்கும் வைத்துச் சரிவு, தொய்வு, மேடு என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கலாம். ஆனால் மூன்றையும் கூட்டி உருளைப் பிழை என்று அறிக்கை எழுதக் கூடாது.

வழுக்கி ஓடும் இந்தப் பின்னுக்கு, பட்டறையின் கையில் இருக்கும் கருவிகளை வைத்துப் பார்த்தால், Ø20 h6 Ⓔ என்று எழுதி ○ 0.004-ஐயும் சேர்ப்பதே நல்லது. Ⓔ போட்டால் பின் முழுவதும் 20.000 விட்டமுள்ள நேரான உருளைக்குள் அடங்க வேண்டும். 60 மி.மீ. நீள கோ ரிங் கேஜ் ஒன்றே அதைச் சொல்லிவிடும். மேலே பார்த்த மூன்று மேட்டுப் பின்னும் வளைந்த பின்னும் அதில் நுழையாது. அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. முறைப்படி வரைந்த படத்தில் இந்த விதி எழுதாமலேயே இருக்கிறது, ஆகவே படத்தின் மூலையில் எந்தத் தரமுறை என்று முதலில் பாருங்கள். சரிவுள்ள பின் மட்டும் கேஜில் நழுவி உள்ளே போய்விடும். அதற்கு இரண்டு முனையிலும் மைக்ரோமீட்டர் பிடித்தால் போதும். வேகமாகச் சுழலும் தண்டில் பேரிங் உட்காரும் இடத்துக்கு மட்டும் செலவைப் பார்க்காமல் ⌭ எழுதுங்கள், ஏனென்றால் பேரிங்கின் மெல்லிய உள்வளையம் தண்டின் வடிவத்தையே தானும் எடுத்துக்கொள்ளும்.