பின்னணி நீக்கும் இலவசக் கருவிகள்: முடி, அளவு, அந்தரங்கம்

தலையில் மல்லிகைச் சரம், காதோரம் பறக்கும் நாலைந்து முடி, பின்னால் பச்சைச் சுவர். பின்னணி நீக்கும் கருவியைச் சோதிக்க இப்படி ஒரு படம் போதும். தோளையும் சட்டையையும் அநேகமாக எல்லாக் கருவியும் ஒழுங்காக வெட்டிவிடும். தடுமாறுவது முடியில்தான்.

காரணம் எளிது. முடி ஓரத்துப் பிக்சல் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முடி, கொஞ்சம் சுவர். அதைப் பாதி ஒளிபுகும்படி ஆக்கவேண்டும். அதில் கலந்த பச்சையையும் கழிக்கவேண்டும். இரண்டாவதைச் செய்யாத கருவி, வெள்ளைப் பின்னணியில் முடியைச் சுற்றிப் பச்சைக் கோடு விடும். வெட்டிய படத்தைக் கறுப்பின்மேலும் ஆரஞ்சின்மேலும் வைத்துப் பார்த்தால் குறை பளிச்சென்று தெரியும்.

பறக்கும் முடியில் என் ஓட்டு `remove.bg` தளத்துக்கு. ஆனால் இலவசமாகக் கிடைப்பது 0.25 மெகாபிக்சல் முன்னோட்டம் மட்டுமே. 4000×3000 செல்போன் படத்தைக் கொடுத்தால் ஏறத்தாழ 577×433 ஆகச் சுருங்கி வரும். அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டினால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதனால் முதலில் வெட்டுங்கள், அப்புறம் ஏற்றுங்கள். பாஸ்போர்ட் அளவு, அதாவது 35×45 மி.மீ., 300 டிபிஐயில் அச்சிட 413×531 பிக்சல் போதும், மொத்தம் 0.22 மெகாபிக்சல்தான். அதே விகிதத்தில் வெட்டிய படத்தை ஏற்றினால் இலவச அளவுக்குள்ளேயே வேலை முடியும். சுவரொட்டிக்கு, காசு கட்டாமல் வழியில்லை.

IMG.LY நிறுவனத்தின் திறந்த மூலக் கருவி வேறு வகை. உங்கள் உலாவியிலேயே ஓடும். முதல் தடவை, பின்னணியைப் பிரித்தறியும் ஏஐ மாடலைப் பதிவிறக்கப் பல பத்து எம்பி போகும், பழைய போன் திணறும். படம் முழு அளவில் வருவது உண்மைதான். ஆனால் மாடல் உள்ளுக்குள் பார்ப்பது 1024×1024 ஆகச் சுருக்கிய பிரதியை. அதில் கிடைக்கும் வெட்டுக்கோட்டை 4000 பிக்சலுக்கு இழுத்தால், ஒற்றை முடி மெழுகு உருகியதுபோல மழுங்கும். முடியைப் படிய வாரிக் கட்டியவர் படத்துக்கு இது தாராளமாகப் போதும்.

அந்தரங்கம் என்று வந்தால் நான் இந்த இரண்டாவதைத்தான் எடுப்பேன். `remove.bg` போன்றவற்றில் படம் அவர்கள் சர்வருக்குப் போயே தீரும். அடோபி எக்ஸ்பிரஸிலோ, முடிவைப் பதிவிறக்கக் கணக்குத் தொடங்கவேண்டும். படம் உங்கள் பெயரோடு சேர்ந்துவிடும். போனில் இருப்பிடம் இயங்கும்போது எடுத்த படமென்றால், எடுத்த இடமும் கோப்புக்குள்ளேயே கூடப் போகலாம்.

“படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது” என்று ஒரு தளம் சொன்னால் அப்படியே நம்பவேண்டாம். ஒரு பூனைப் படத்தைக் கொடுத்து மாடலை இறங்கவிடுங்கள். பிறகு பக்கத்தை மூடாமல் இணையத்தைத் துண்டித்து, இன்னொரு படத்தைக் கொடுங்கள். பின்னணி போய்விட்டால் வேலை உங்கள் கணினியிலேயே நடக்கிறது. சுற்றிக்கொண்டே நின்றால், குழந்தையின் படத்தை அங்கே ஏற்றாதீர்கள்.