ஸ்கான் பண்ணித் தாறம் எண்ட கடையால 8,500 ரூபா போச்சு

இண்டைக்குக் காலமை பதினொரு மணிக்கு மின்னஞ்சல் வந்தது. மகளின்ர விண்ணப்பத்தை நிராகரிச்சிட்டினம். காரணம் ரெண்டே வரி: பிறப்புச் சான்றிதழ் வாசிக்க முடியேல்லை, உயர்தரப் பெறுபேற்றுத் தாள் திறபடேல்லை. முடிவுத் திகதி வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுது. விண்ணப்பக் கட்டணம் 7,000, திரும்பக் கிடையாது. கடைக்குக் குடுத்தது 1,500. மொத்தம் 8,500 ரூபா. பிள்ளை மத்தியானம் சாப்பிடவும் இல்லை.

யாழ்ப்பாணம் டவுனுக்குள்ள போட்டோக்கொப்பி, ஸ்கான், ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்யிற கடை ஒண்டு. பெயர் இங்க போடேல்லை. பக்கத்தில நாலு பேர் காத்துக்கொண்டு நிண்டவை, அதைப் பார்த்துத்தான் நம்பினன். மகளின்ர பிறப்புச் சான்றிதழ் கையால எழுதினது, நீல மை மங்கிப்போச்சு. "தம்பி, இது வடிவா விழுமோ?" எண்டு கேட்டன். "அக்கா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நாங்கள் நாளுக்கு எத்தினை போடுறம்" எண்டான். திரையில சின்னனாக் காட்டினான். தெளிவாத்தான் தெரிஞ்சுது. சின்னனாக் காட்டினா எதுவும் தெளிவாத்தான் தெரியும் எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை.

இரவு என்ர தங்கச்சியின்ர மகன் வந்து பென் டிரைவில இருந்த பைல்களைத் திறந்து பார்த்தான். விண்ணப்பத் தளம் கேட்டது ஒரு பைலுக்கு 1 எம்பிக்குள்ள, பிடிஎஃப் மட்டும். கடைக்காரப் பெடியன் போட்ட பிறப்புச் சான்றிதழ் 58 கேபி! இருந்த இடத்தில பத்தில ஒரு பங்குகூடப் பாவிக்கேல்லை. பைல் பெரிசாப் போயிடும் எண்ட பயத்தில 75 டிபிஐயில, அதாவது ஒரு அங்குலத்துக்கு 75 புள்ளி எண்ட அளவில ஸ்கான் பண்ணி, அதுக்கு மேல ஒரு இலவசத் தளத்தில போட்டு இன்னும் நசிச்சிருக்கிறான்.

75 டிபிஐ எண்டா ஒரு ஏ4 தாள் அகலத்துக்கு 620 புள்ளி, உயரத்துக்கு 877 புள்ளி. பதிவாளரின்ர எழுத்து ரெண்டு மில்லிமீற்றர் உயரம் இருக்கும். அதுக்குக் கிடைச்சது ஆறே ஆறு புள்ளி. பெரிசாக்கிப் பார்த்தா திகதியில இருக்கிறது 3ஓ 8ஓ எண்டு எனக்கே தெரியேல்லை, பெத்த எனக்கே! மை மங்கின இடமெல்லாம் தாளின்ர நிறத்தோட கலந்து சதுரம் சதுரமாக் கிடக்குது. ஒருக்கா அப்பிடிப் போனதைப் பிறகு எந்த மென்பொருளால பெரிசாக்கினாலும் அந்த எழுத்து திரும்பி வராது. மூலத்தைத் திரும்ப ஸ்கான் பண்ணத்தான் வேணும்.

தங்கச்சியின்ர மகன் அதே சான்றிதழை 200 டிபிஐயில, கறுப்பு வெள்ளை இல்லை, சாம்பல் நிறத்தில ஸ்கான் பண்ணிக் காட்டினான். 430 கேபி. முத்திரை, கையொப்பம், திகதி எல்லாம் வாசிக்கலாம். ரெண்டு நிமிசம்கூட ஆகேல்லை.

பெறுபேற்றுத் தாள் இன்னும் மோசம். அதை ஸ்கான் பண்ணவே இல்லை. போனால எடுத்த படத்தின்ர பெயரில `.jpg` எண்டதை அழிச்சு `.pdf` எண்டு மாத்தியிருக்கிறான். பெயரை மாத்தினா பைல் மாறாது. தளம் கடைசி மூண்டு எழுத்தை மட்டும் பார்த்து ஏத்துக்கொண்டிருக்கும் போல. அங்க இருந்தவை திறக்கேக்க திறபடேல்லை. உண்மையான பிடிஎஃப் எண்டா நோட்பாட்டில திறக்கேக்க முதல் வரி இப்பிடித் தொடங்கும்:

```
%PDF-
```

இதில அது இல்லை.

இதுக்கு முதல், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே கடைக்குப் போனன். "அக்கா, சப்மிட் ஆனதுதானே, மெசேஜும் வந்ததுதானே, இனி எங்கட பொறுப்பில்லை" எண்டான். பைலைக் காட்டினன். "அது அவங்கட தளத்தின்ர பிழை." 8,500 ரூபாவையும் கேக்கேல்லை, என்ர 1,500ஐயாவது தாங்கோ எண்டு கேட்டன். "முதலாளி இல்லை, நாளைக்கு வாங்கோ." நாலு மணிக்கு எடுத்தா போன் எடுக்கிறேல்லை. என்னைப் பார்க்காமலே அடுத்த ஆளின்ர அடையாள அட்டையை வாங்கி ஸ்கானருக்குள்ள வச்சதுதான் கண்ணுக்குள்ள நிக்குது.

விபரமா எழுதத்தான் நினைச்சன், இப்ப ஏலாது. இதை மட்டும் பாருங்கோ. எழுத்துத் தாள் எண்டா 200 டிபிஐக்குக் குறைய விடாதேங்கோ, மங்கின தாளுக்கு 300 கேளுங்கோ. பைல் பெரிசா வந்தா முதல்ல நிறத்தை எடுத்துப்போட்டு சாம்பல் நிறத்தில போடச் சொல்லுங்கோ, டிபிஐயைக் குறைக்க விடாதேங்கோ. அனுப்ப முதல் 200 வீதத்துக்குப் பெரிசாக்கி, திகதியையும் சுட்டெண்ணையும் நீங்களே வாசிச்சுப் பாருங்கோ. வாட்ஸ்அப்பில படமா அனுப்பினதை எடுத்துப் போட விடாதேங்கோ, அது ஏற்கெனவே நசிஞ்சது. பணம் கட்டிறது எல்லாத்துக்கும் கடைசி.

நாளைக்குக் காலமை திரும்பவும் கடைக்குப் போறன், பென் டிரைவோட.