ஒரே ஐகன் மதிப்புகள், இரண்டு அணிகள்: எது அசையும், எது அசையாது

1, 2 என்ற ஒரே ஐகன் மதிப்புகளைக் கொண்ட இரண்டு அணிகளை எடுத்துக்கொள்வோம். சமச்சீரான முதல் அணியை S என்றும், சமச்சீரற்ற இரண்டாவது அணியை A என்றும் குறிப்போம்.

```
S = | 1.5  0.5 |      A = | 1  1000 |
    | 0.5  1.5 |          | 0     2 |
```

இரண்டிலும் இடது கீழ் மூலையிலுள்ள உறுப்பை மட்டும் 0.001 கூட்டிப் பார்க்கலாம். S-இல் 0.5 என்பது 0.501 ஆகிறது, ஐகன் மதிப்புகள் 0.9995, 2.0005 என்று மாறுகின்றன. நாம் செய்த மாற்றத்தில் பாதி அளவே அவை நகர்ந்துள்ளன. A-இல் 0 இருந்த இடத்தில் 0.001 வந்து அமர்ந்ததும் ஐகன் மதிப்புகள் 0.382, 2.618 ஆகிவிடுகின்றன. அதே மாற்றத்துக்கு இங்கே நகர்வு 0.618, அதாவது S-இல் கண்டதைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல்.

மாற்றத்தின் குறியைத் திருப்பினால் A-இன் நடத்தை இன்னும் வியப்பளிக்கும். அந்த மூலையில் −0.00025 வைத்தால் இரண்டு ஐகன் மதிப்புகளும் 1.5-இல் மோதி ஒன்றாகின்றன, −0.001 வைத்தால் அவை 1.5 ± 0.866i என்ற கலப்பெண்களாகப் பிரிகின்றன. இந்த அணி ஒரு இயங்கமைப்பை விவரிப்பதாக இருந்தால், அலைவே இல்லாத அமைப்பு என்று நாம் எழுதிவைத்த முடிவு மூன்றாம் தசம இடத்துப் பிழை ஒன்றால் அலைவுள்ள அமைப்பு என்று மாறிவிடும். S-இல் எதிரெதிர் மூலைகளை ஒரே அளவு மாற்றிச் சமச்சீரைக் காத்துக்கொள்ளும் வரை கலப்பெண்கள் ஒருபோதும் தோன்றமாட்டா.

A-இல் 1000 என்ற பெரிய எண் இருப்பதுதான் காரணம் என்று சொல்லத் தோன்றும். அது பாதி உண்மையே. 2×2 அணியின் ஐகன் மதிப்புகளைத் தரும் இருபடிச் சமன்பாட்டில் மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள இரண்டு உறுப்புகளும் தனித்தனியே வருவதில்லை, அவற்றின் பெருக்கற்பலனாகவே வருகின்றன. A-இல் அந்தப் பெருக்கற்பலன் 1000 × 0 என்பதால் 1000 இருந்தும் அதன் விளைவு வெளியே தெரிவதில்லை. 0 இருந்த இடத்தில் δ வைத்தவுடன் பெருக்கற்பலன் 1000δ ஆகிறது. அதுவரை மறைந்திருந்த எண் முழு வீச்சுடன் சமன்பாட்டுக்குள் வந்துவிடுகிறது.

சமச்சீர் அணியில் 1000-ஐ இப்படி மறைத்து வைக்க வழியில்லை. ஒரு பக்கம் 1000 இருந்தால் மறு பக்கமும் 1000 இருந்தாக வேண்டும்; பெருக்கற்பலன் தொடக்கத்திலேயே பத்து லட்சம். அதன் விளைவாக ஐகன் மதிப்புகள் 1.5-இலிருந்து இரு பக்கமும் ஏறத்தாழ 1000 தொலைவுக்குத் தள்ளப்பட்டுவிடுகின்றன. அந்த அணியின் ஒரு மூலையில் 0.001 கூட்டினாலும் நகர்வு மீண்டும் 0.0005 தான். பெரிய எண் இரண்டிலும் இருக்கிறது. ஒன்றில் அது ஐகன் மதிப்புகளைப் பிரித்துவைக்கும் வேலையைச் செய்துவிட்டது, மற்றொன்றில் அந்த வேலையைச் செய்யாமல் ஒரு சிறு பிழைக்காகக் காத்திருக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும் என்பது என் கருத்து.

எந்த அளவு அணிக்கும் பொருந்தும்படி இதையே சொல்ல, இடது, வலது ஐகன் வெக்டர்களை ஒப்பிட வேண்டும். அணியின் வலப்பக்கம் நிரலாக வைத்துப் பெருக்கும்போது ஐகன் மதிப்பின் மடங்காக மட்டும் மாறுவது வலது வெக்டர்; இடப்பக்கம் நிரையாக வைத்துப் பெருக்கும்போது அப்படி மாறுவது இடது வெக்டர். A-இல் ஐகன் மதிப்பு 1-க்கு உரிய வலது வெக்டர் (1, 0); இடது வெக்டர் (1, −1000). இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கின்றன. இடைப்பட்ட கோணத்தின் கொசைன் ஏறத்தாழ 0.001. அந்தக் கொசைனின் தலைகீழ் மதிப்பான 1000-தான் இந்த ஐகன் மதிப்பின் உணர்திறன் எண். மிகச் சிறிய மாற்றங்களுக்கு, மாற்றத்தின் அளவை இந்த எண்ணால் பெருக்கினால் ஏற்படக்கூடிய அதிகபட்ச நகர்வு கிடைக்கும். மூலையில் 0.00001 வைத்துப் பார்த்தால் உண்மையான நகர்வு 0.0099, கணிப்பு 0.01. சமச்சீர் அணியில் இடது வெக்டரும் வலது வெக்டரும் ஒன்றே என்பதால் கொசைன் எப்போதும் 1. உணர்திறன் எண்ணும் 1-ஐத் தாண்டாது.

இந்த 1 என்ற எண் தோராயம் அன்று, உறுதியான எல்லை. சமச்சீர் அணியில் E என்ற சமச்சீர் மாற்றத்தைச் செய்தால், வரிசைப்படுத்திய ஐகன் மதிப்பு எதுவும் E-இன் அளவுக்கு மேல் நகராது என்பது ஹெர்மன் வைல் 1912-இல் தந்த முடிவு. சமச்சீரற்ற அணிக்கு 1960-இல் பவுவர், ஃபைக் இருவரும் தந்த எல்லையில் E-இன் அளவு, ஐகன் வெக்டர்களை நிரல்களாக அடுக்கிய அணியின் நிபந்தனை எண்ணால் பெருக்கப்படுகிறது. அந்த நிரல்கள் ஒரே திசையை நெருங்க நெருங்கப் பெரிதாகும் எண் அது. நம் A-க்கு அந்த எண் ஏறத்தாழ 2000, ஏனெனில் அதன் இரண்டு வலது ஐகன் வெக்டர்களும் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குகூட விலகாமல் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன.

வெக்டர்கள் ஒட்டிக் கிடப்பதோடு நில்லாமல் முற்றிலும் ஒன்றாகிவிட்டால் அந்த எல்லைக்கே பொருளில்லாமல் போகிறது. மூலைவிட்டத்தில் 0, அதற்கு மேல் வரிசையில் 1, மற்ற இடமெல்லாம் 0 என்றமைந்த 10×10 ஜோர்டான் அணிக்குப் பத்து ஐகன் மதிப்புகளும் 0. அதன் இடது கீழ் மூலையில் 10⁻¹⁰ வைத்தால் சமன்பாடு λ¹⁰ = 10⁻¹⁰ ஆகிறது; பத்து மதிப்புகளும் 0.1 ஆரமுள்ள வட்டத்தில் 36 பாகை இடைவெளியில் சிதறுகின்றன. நகர்வு, மாற்றத்தைப் போல் நூறு கோடி மடங்கு. மூலைவிட்டத்தின் கீழும் 1 வரிசையை வைத்து இதைச் சமச்சீராக்கினால், ஐகன் மதிப்புகள் −1.919 முதல் 1.919 வரை விரிந்துவிடும்; அதே மூலை மாற்றம் அவற்றை 10⁻¹⁰-க்கு மேல் நகர்த்தாது.

சமச்சீரற்றவை எல்லாம் நொய்மையானவை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. சுழற்சி அணிகளும் எதிர்ச் சமச்சீர் அணிகளும் சமச்சீரற்றவையே. ஆயினும் அவற்றின் ஐகன் வெக்டர்களைச் செங்குத்தாகத் தேர்ந்துகொள்ள முடிவதால் உணர்திறன் எண் 1-இலேயே நிற்கிறது. சமச்சீர் அணியின் உறுதிக்கும் எல்லை உண்டு. முதலாவதாக, அந்த உறுதி ஐகன் மதிப்புகளுக்கே உரியது. இரண்டு மதிப்புகள் மிக நெருங்கியிருந்தால் அவற்றின் வெக்டர்கள் சிறு மாற்றத்துக்கும் பெரிதாகத் திரும்பிவிடும். இரண்டாவதாக, நகர்வு மாற்றத்தின் அளவுக்குள் அடங்குவதால், 10⁻¹² என்ற மிகச் சிறிய ஐகன் மதிப்பை 10⁻¹⁰ பிழை முழுவதுமாக விழுங்கிவிட முடியும்.

கையிலுள்ள அணி எந்த வகை என்பதைக் கணினியில் சில வரிகளிலேயே அறியலாம்.

```python
import numpy as np
from scipy.linalg import eig
A = np.array([[1., 1000.], [0., 2.]])
w, vl, vr = eig(A, left=True, right=True)
print(w, 1/abs(np.sum(vl.conj()*vr, axis=0)))
```

இங்கே இரண்டு மதிப்புகளுக்கும் உணர்திறன் எண் ஏறத்தாழ 1000 என்று வரும். இந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. அணியின் உறுப்புகளில் உள்ள ஐயப்பாட்டின் அளவால் அதைப் பெருக்கி, வரும் எண்ணைப் பக்கத்து ஐகன் மதிப்புக்குள்ள இடைவெளியோடு வைத்துப் பார்க்க வேண்டும். உறுப்புகள் 0.001 வரையே அளந்து பெறப்பட்டவை என்றால் A-க்கு 1000 × 0.001 = 1; 1-க்கும் 2-க்கும் உள்ள இடைவெளியும் 1. ஆகவே இந்த அளவீட்டை வைத்து A-இன் ஐகன் மதிப்புகள் இரண்டும் வெவ்வேறானவை என்றோ மெய்யெண்கள் என்றோ கூற முடியாது. அதே அளவீட்டில் S-க்கு வருவது 0.001 மட்டுமே, அதன் மதிப்புகளை இரண்டு தசம இடம் வரை நம்பி எழுதலாம்.