ஓடும் பிள்ளைக்கும் அசையாத விளக்குக்கும் ஒரே கேமரா: AF-S, AF-C அனுபவம்

என்னிடம் இருப்பது முழுச் சட்டச் சென்சார் கொண்ட மிரர்லெஸ் கேமராவும் 50 மி.மீ. f/1.8 லென்ஸும். சில ஆண்டுகளாக இவை இரண்டும்தான் என் தோளில் தொங்குகின்றன. படம் எடுப்பது பெரும்பாலும் இரண்டே இடங்களில்: ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா குடும்பத்தோடு போகும் ஃபிளிக் அன் ஃபிளாக் கடற்கரையிலும், ரோஸ் ஹில் வீட்டின் பூஜை அறையிலும். கடற்கரையில் சவுக்கு மரங்களுக்கு இடையே பிள்ளைகள் ஒரு நிமிடம் நிற்கமாட்டார்கள். பூஜை அறையில் குத்துவிளக்கு நகரவே நகராது. ஆட்டோஃபோகஸின் இரண்டு முறைகளையும் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்கு அமையாது.

முதலில் இரண்டும் செய்வது என்ன என்று பார்த்துவிடலாம். AF-S முறையில் (சில கேமராக்களில் One Shot) ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் கேமரா ஒருமுறை தூரத்தைக் கண்டுபிடித்து அங்கேயே பூட்டிக்கொள்ளும். விரலை எடுக்கும் வரை அது மாறாது. AF-C முறையில் (சிலவற்றில் Servo) விரல் பாதி அழுத்தத்தில் இருக்கும் வரை தூரத்தை அளந்துகொண்டே இருக்கும். பொருள் எந்த வேகத்தில் நெருங்குகிறது என்று கணித்து, ஷட்டர் திறக்கும் நொடியில் அது எங்கே இருக்கும் என்பதற்கேற்ப லென்ஸை நகர்த்தும்.

அசையாததற்கு AF-S, அசைவதற்கு AF-C என்பது எல்லோரும் சொல்லும் விதி. என் அனுபவத்தில் அது பாதிதான் சரி. கேட்க வேண்டிய கேள்வி, பொருள் அசைகிறதா என்பதல்ல. கேமராவுக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தூரம் மாறுகிறதா என்பதே.

அக்காவின் சின்ன மகள் "மாமா!" என்று கூவிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வருவதை எடுத்துக்கொள்வோம். அவள் 2 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது f/1.8 துளையில் கூர்மையாகத் தெரியும் பகுதியின் மொத்த ஆழம் ஏறக்குறைய 17 செ.மீ. மட்டுமே. முன்பக்கம் பாதி, பின்பக்கம் பாதி. மணலில் ஓடும் சிறுமி நொடிக்கு 2 மீட்டர் வருகிறாள் என்று வைத்துக்கொண்டால், ஃபோகஸ் பூட்டியதற்கும் பொத்தானை முழுவதும் அழுத்துவதற்கும் இடையே கால் நொடி கழிந்தாலே அவள் அரை மீட்டர் முன்னே வந்துவிடுகிறாள். படத்தில் முகம் மங்கலாகவும் அவள் கடந்து வந்த மணல் கூர்மையாகவும் இருக்கும். துளையை f/5.6க்குச் சுருக்கினால் தப்பிக்கலாமே என்று தோன்றும். மொத்த ஆழம் அரை மீட்டரைச் சற்றே தாண்டும் என்பது உண்மை. ஆனால் நமக்கு உதவுவது அதன் முன்பாதி மட்டும், கால் மீட்டருக்கும் சற்றுக் குறைவு. அப்போதும் போதாது. இங்கே AF-Cக்கு மாற்று இல்லை. கண்ணைக் கண்டறியும் வசதியையும் சேர்த்துக்கொண்டால் சட்டத்தின் எந்த மூலையில் முகம் இருந்தாலும் ஃபோகஸ் அதைப் பின்தொடரும்.

அதே சிறுமி 5 மீட்டர் தள்ளி, கரையோரமாக, எனக்குக் குறுக்கே ஓடுகிறாள் என்றால் கதை வேறு. அந்தத் தூரத்தில் f/1.8இலேயே ஆழம் ஒரு மீட்டரைத் தாண்டிவிடுகிறது. தூரமும் அதிகம் மாறுவதில்லை. AF-Sஇல் எடுத்தாலும் பெரும்பாலும் தேறிவிடும். அங்கே படத்தைக் கெடுப்பது குறைந்த ஷட்டர் வேகம். 1/500 நொடிக்குக் கீழே போனால் கைகால்கள் இழுபடத் தொடங்கும். எந்த ஃபோகஸ் முறையும் அதைச் சரிசெய்யாது.

இரண்டு மங்கலையும் பிரித்தறிவது எளிது. படத்தைத் திரையில் பெரிதாக்கி, முகத்துக்கு முன்னும் பின்னும் உள்ள மணலைப் பாருங்கள். அங்கே ஏதாவது ஒரு பட்டை கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. நின்றிருந்த மரங்கள் தெளிவாக இருக்க, பிள்ளை மட்டும் ஓடிய திசையிலேயே கோடாக இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது நம் கை.

AF-C பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. பல கேமராக்களில் இந்த முறை ஷட்டருக்கு முன்னுரிமை தரும்படி அமைந்திருக்கிறது. ஃபோகஸ் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் பொத்தானை அழுத்தினால் படம் எடுத்துவிடும். AF-Sஇல் பொதுவாக ஃபோகஸ் ஆகாமல் ஷட்டர் திறக்காது, ஆனதும் பீப் ஒலியும் வரும். AF-Cஇல் பெரும்பாலும் அந்த ஒலியும் இல்லை. எனவே பாதி அழுத்தியதும் உடனே எடுக்காமல், கேமரா பிள்ளையைப் பிடித்துக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் தந்து, பிறகு தொடர்ச்சியாக நாலைந்து படங்கள் எடுப்பதே என் வழக்கம். மாலையில் சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில், எதிர்வெளிச்சத்தில் முகம் இருண்டு கிடக்கும்போது, இந்த அவகாசம் இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஊஞ்சல் ஒரு வேடிக்கையான விதிவிலக்கு. ஆடும் பிள்ளையை எதிரே நின்று AF-Cஇல் துரத்துவதைவிட, ஊஞ்சல் முன்னால் வந்து ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில் AF-Sஇல் பூட்டிவிட்டு, விரலை எடுக்காமல் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது எனக்கு நன்றாகப் பலித்திருக்கிறது. அந்த நொடியில் வேகம் ஏறத்தாழ இல்லை. பிள்ளை சிரிப்பதும் அப்போதுதான். அக்கா தொடர்ந்து ஒரே அளவாகத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். தள்ளாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த முனை பின்வாங்கும், பூட்டிய தூரம் பொய்யாகிவிடும்.

இனி விளக்கு. பூஜை அறையில் வெளிச்சம் குறைவு. அங்கே AF-C வைத்தால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். பல கேமராக்களில் இருட்டில் ஃபோகஸுக்கு உதவும் சிறு விளக்கு AF-Sஇல் மட்டுமே எரியும் என்பது இன்னொரு காரணம். AF-Sஇல் பித்தளையின் வளைவில் வெளிச்சமும் நிழலும் சேரும் விளிம்பைக் குறிவைத்துப் பூட்டுகிறேன். சுடரைக் குறிவைத்தால் அது அளவுக்கு மீறி வெளுத்திருப்பதாலும் ஆடுவதாலும் கேமரா தடுமாறும். பூட்டிய பின் சட்டத்தைச் சற்று நகர்த்தி அமைக்கலாம். மிக நெருக்கத்தில் அதிகமாகத் திருப்பினால் தூரம் மாறிவிடும் என்பதால் அங்கே ஃபோகஸ் புள்ளியை நகர்த்துவதே மேல்.

அசையாத பொருளுக்கும் AF-C தேவைப்படும் ஓர் இடம் உண்டு. தோட்டத்துச் செம்பருத்தியை மேக்ரோ லென்ஸில், கையில் பிடித்தபடி, மிக அருகிலிருந்து எடுக்கும்போது கூர்மையின் ஆழம் ஒரு சில மில்லிமீட்டர்தான். பூ அசையாவிட்டாலும் நாம் முன்னும் பின்னும் ஆடுகிறோம். முக்காலி இருந்தால் AF-S, இல்லாவிட்டால் AF-C.

இரண்டில் ஒன்றைக் கேமராவே தேர்ந்தெடுக்கும் AF-A முறையை நான் பயன்படுத்துவதில்லை. பிள்ளை ஓடத் தொடங்கிவிட்டாள் என்று அது முடிவெடுப்பதற்குள் அவள் பாதி தூரம் வந்துவிடுகிறாள். மாறாக, ஃபோகஸ் வேலையை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்து, பின்புறம் உள்ள AF-ON பொத்தானுக்குக் கொடுத்து, கேமராவை AF-Cஇலேயே விட்டிருக்கிறேன். கட்டைவிரல் அழுத்தியிருக்கும் வரை பின்தொடரும். எடுத்தால் அந்த இடத்திலேயே நிற்கும். ஓடிய பிள்ளை உட்கார்ந்து மணல்வீடு கட்டத் தொடங்கினால் கட்டைவிரலை எடுத்துவிட்டால் போதும். பட்டரி சற்றுச் சீக்கிரம் தீர்கிறது; கடற்கரைக்குப் போகும்போது இன்னொன்றைப் பையில் வைத்துக்கொள்கிறேன்.