மூன்றாவது சோன் ஏன் அடங்குவதில்லை? எட்டு சானல் கன்ட்ரோலரோடு எங்கள் அனுபவம்

ஃபிலிம் லைன் வைத்திருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். எட்டு சானல் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் விலை இறங்கியிருக்கிறதாம். "தனித்தனி கன்ட்ரோலர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உங்களிடம் இருக்கிற மாதிரி ஒரே பெட்டி போட்டுவிடலாமா?" என்று கேட்டார். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மெஷின் 65 மி.மீ. ஸ்க்ரூ உள்ள எக்ஸ்ட்ரூடர், பேரலில் தனித்தனியாகச் சூடு கட்டுப்படுத்தும் நான்கு சோன், அப்புறம் அடாப்டர், டை. ஓடுவது பெரும்பாலும் எல்.எல்.டி.பி.இ. ஃபிலிம், மணிக்கு 70 கிலோ போல. பேரலின் நான்கு சோனுக்கும் ஹீட்டரோடு ப்ளோயரும் உண்டு. இந்தப் பெட்டி வந்து சில வருஷம் ஆகிறது. ஒரு தடவைகூட செத்துப்போனதில்லை, சென்சார் கணக்கு பிசகியதில்லை. அந்த வகையில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இந்த மெஷினில் எங்களை நெடுநாள் படுத்தியது மூன்றாவது சோன். செட் பாயிண்ட் வரிசையாக 160, 175, 185, 190. காலையில் சூடேற்றும்போது எல்லாம் ஒழுங்காகப் போய் நிற்கும். ஸ்க்ரூவை ஓட்டி வேகம் கூட்டியதும் மூன்றாவது சோன் மட்டும் 197 வரை ஏறி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். ஹீட்டர் முழுக்க அணைந்திருக்கும், ப்ளோயர் நிற்காமல் ஓடும், சூடு இறங்காது. ஷிப்டில் இருப்பவர்கள் செய்வது ஒன்றுதான்: மூன்றாவது சோனின் செட் பாயிண்ட்டைக் குறைப்பார்கள். ஏற்கெனவே முழுக் காற்றில் ஓடும் ப்ளோயருக்கு அதனால் எந்த வித்தியாசமும் இல்லை. 197 அப்படியே நிற்கும்.

பழைய கன்ட்ரோலர்களில் இதற்கான காரணம் கண்ணில் படவே இல்லை. முகப்பில் இப்போதைய சூடும் செட் பாயிண்ட்டும் மட்டும்தான் தெரியும். ஹீட்டருக்கு எத்தனை சதவீதம் அவுட்புட் போகிறது என்று பார்க்க ஒவ்வொன்றாகப் பட்டனை அழுத்த வேண்டும். யாரும் அழுத்துவதில்லை. இந்தப் பெட்டியில் எல்லா சோனின் அவுட்புட்டும் ஒரே திரையில் வரிசையாக நிற்கிறது. நான் எதிர்பார்க்காமல் கிடைத்த பெரிய லாபம் இதுதான். முதல் நாளே கண்ணில் பட்டது: இரண்டாவது சோன் 175 இல் அமைதியாக நிற்கிறது, அவுட்புட் வெறும் 20 சதவீதம். மூன்றாவது சோன் முழுக் குளிர்ச்சியில் திணறுகிறது. அப்படியானால் மூன்றாவதுக்கு வரும் சூடு எங்கிருந்து வருகிறது?

பக்கத்து சோனிலிருந்து இரும்பு வழியாக வருகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்கவில்லை. எங்கள் பேரலின் வெளிவிட்டம் சுமார் 120 மி.மீ., ஒரு சோனின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 40 செ.மீ.க்குச் சற்று மேல். இரண்டுக்கும் இடையே 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் இரும்பு வழியாகக் கடப்பது 10 வாட் போலத்தான். கிலோவாட் கணக்கில் ஹீட்டர் இருக்கும் இடத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் உள்ளே நகரும் பிளாஸ்டிக்கைப் பாருங்கள். மணிக்கு 70 கிலோ உருகிய பாலிஎதிலீன் 10 டிகிரி கூடுதலாகவோ குறைவாகவோ அடுத்த சோனுக்குள் போனால், அது சுமந்து போகும் வித்தியாசம் கிட்டத்தட்ட 500 வாட். அது முழுவதும் பேரல் சுவருக்கு வந்துவிடாது என்றாலும் இரும்பைவிட எத்தனையோ மடங்கு பெரியது. இதற்கெல்லாம் மேலே ஸ்க்ரூ அரைப்பதால் பிறக்கும் சூடு. ஓடும் மெஷினில் பிளாஸ்டிக்கை உருக்கும் சூட்டில் பெரும்பகுதி மோட்டாரிலிருந்துதான் வருகிறது, ஹீட்டரிலிருந்து அல்ல.

ஆகவே ஓடும்போது ஒரு சோன் மற்றதைப் பாதிப்பது ஆற்றின் போக்கு மாதிரி ஒரே திசையில். இரண்டாவதில் செய்தது மூன்றாவதில் தெரியும். நான்காவதில் செய்வது மூன்றாவதுக்குப் பெரிதாகப் போய்ச் சேராது.

இதை வைத்து, இரண்டாவது சோனை உயர்த்திப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். ஷிப்டில் இருந்த தம்பி, "அண்ணே, பக்கத்துல ஏற்கெனவே கொதிக்குது, இதையும் ஏத்தச் சொல்றீங்களே?" என்று தயங்கினான். அவன் தயக்கம் நியாயமானது, பார்த்தால் தலைகீழாகத்தான் தோன்றும். ஆனால் இரண்டாவது சோனில் சரியாக இளகாமல் வரும் பிளாஸ்டிக்கைத்தான் ஸ்க்ரூ மூன்றாவதில், இடம் குறுகும் பகுதியில், பலமாக அரைக்கிறது. அந்த அரைப்புதான் 197. சுவர் ஓரமாக இருக்கும் படலம் முன்னாலேயே இளகிவிட்டால் அரைப்பு குறையும். 175 ஐ 180, 185, 190 என்று ஐந்து ஐந்தாக ஏற்றினோம், ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் காத்திருந்து. 185 இலேயே மோட்டார் ஆம்ப்ஸ் இறங்க ஆரம்பித்தது. 190 இல் மூன்றாவது சோன் 188 க்கு வந்து, ப்ளோயர் விட்டு விட்டு ஓடியது. எல்லா மெட்டீரியலுக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். அரைப்பில் சூடேறும் தன்மை எல்.எல்.டி.பி.இ.யில் அதிகம், அதனால் பலன் தெரிந்தது. அளவு மீறி ஏற்றினால் ஸ்க்ரூவின் ஆரம்பப் பகுதியில் துகள் சீக்கிரமே ஒட்டிக்கொண்டு ஃபீடிங் குறையும். அது அவுட்புட் கிலோவில் தெரிந்துவிடும்.

முதல் சோனைப் பற்றி அதிகம் இல்லை. ஹாப்பர் தொண்டையில் தண்ணீர் ஓடுகிறது, அங்கே 30 டிகிரி, பக்கத்திலேயே 160. அந்தக் குறுகிய தூரத்தில் மட்டும் இரும்பு வழியாக 300 வாட் போல ஓடிப்போகும். அந்த சோனின் அவுட்புட் எப்போதும் மற்றவற்றைவிட அதிகமாக இருந்தால் பயப்பட வேண்டாம். திடீரென்று இன்னும் கூடினால் மட்டும் தண்ணீர் வால்வைப் பாருங்கள்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். சமீபத்தில் இரண்டாவது சோனின் மைக்கா பேண்ட் ஹீட்டர் போய்விட்டது. கரண்ட் மிச்சமாகும் என்று செராமிக் பேண்ட் போட்டோம். மிச்சமாகத்தான் செய்கிறது, மேலே இன்சுலேஷன் இருக்கிறதே. ஆனால் அது கனமான சாமான், மெதுவாகச் சூடேறும், மெதுவாக ஆறும். ஹீட்டரை எவ்வளவு வேகமாக ஏற்றி இறக்குவது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் பழைய பி.ஐ.டி. எண்கள் மைக்காவுக்கானவை. அடுத்த நாளே ஃபிலிமின் தடிமன் மெல்ல மெல்லக் கூடிக் குறைய ஆரம்பித்தது. டிரெண்டைப் பார்த்தால் இரண்டாவது சோனும் மூன்றாவது சோனும் பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்குகின்றன.

யார் ஆட்டுகிறார், யார் ஆடுகிறார் என்று கண்டுபிடிப்பது இந்த இடத்தில் முக்கியம். மூன்றாவதில் ப்ளோயர் போய்ப் போய் வருவதால் பலரும் அதைத்தான் பிடிப்பார்கள். முதலில் மூன்றாவதை மேனுவலில் போட்டு அவுட்புட்டை ஒரே அளவில் நிறுத்தினேன். ஆட்டம் நிற்கவில்லை. பிறகு அதை ஆட்டோவுக்குத் திருப்பிவிட்டு, இரண்டாவதை மேனுவலில் 22 சதவீதத்தில் நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு கோடும் நேராகிவிட்டன. ஆக, ஆட்டுவது இரண்டாவதுதான். மூன்றாவது வெறுமனே அதன் பின்னால் ஓடியிருக்கிறது.

சரி, அந்த எண்களைப் பெட்டியே கண்டுபிடித்துக்கொள்ளும் ஆட்டோடியூனை இரண்டாவது சானலுக்கு மட்டும் கொடுத்துவிட்டால் முடிந்தது என்று மெனுவுக்குப் போனால், அது முடியவே முடியாது. இந்தப் பெட்டியில் ஆட்டோடியூன் கொடுத்தால் குழுவில் உள்ள எல்லா சானலுக்கும் சேர்த்துத்தான் ஓடும். எல்லா சோனும் ஒரே நேரத்தில் செட் பாயிண்ட்டுக்கு மேலும் கீழும் ஆடும். தன் ஹீட்டரால் ஏறிய சூடு எது, முந்தின சோன் அனுப்பிய சூடு எது என்று அந்த நிலையில் எந்தக் கணக்கால் பிரிக்க முடியும்? உற்பத்தி ஓடும்போது கொடுத்தால் ஃபிலிம் பபுள் நிலையாக நிற்காது, அத்தனையும் ஸ்கிராப். ஸ்க்ரூவை நிறுத்திவிட்டுக் கொடுங்கள் என்கிறார் விற்றவர். நிறுத்தினால் பிளாஸ்டிக் ஓட்டமும் இல்லை, அரைப்புச் சூடும் இல்லை. அப்போது கற்றுக்கொள்வது வேறு ஒரு மெஷினை. நான் இதைப் பலமுறை விளக்கியும், "எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் சார்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. சில ஆயிரம் ரூபாய் தனி கன்ட்ரோலர்கூட தன் சோனை மட்டும் டியூன் செய்துகொள்கிறது. பல சோன் மெஷினுக்கென்றே விற்கும் பெட்டிக்கு அது தெரியாது என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

கடைசியில் கையாலேயே எண்களை மாற்றினேன். ப்ரொபோர்ஷனல் பேண்ட் 4 சதவீதத்திலிருந்து 7, இன்டெக்ரல் 240 வினாடியிலிருந்து 420, டெரிவேட்டிவ் 60 இலிருந்து 105. மெதுவான ஹீட்டருக்கு மெதுவான எண்கள், டெரிவேட்டிவ் இன்டெக்ரலில் கால் பங்கு. ஸ்க்ரூ வழக்கமான வேகத்தில் ஓடும்போதே மாற்றி, செட் பாயிண்ட்டை இரண்டு டிகிரி ஏற்றிப் பார்த்தேன். ஒரு சின்ன மேடு, அப்புறம் நேர்கோடு. தடிமனும் சீராகிவிட்டது. இன்னொரு விஷயம், செராமிக் பேண்டை மூன்றாவது சோனில் போடவேண்டாம். ப்ளோயர் காற்று அந்த இன்சுலேஷனைத் தாண்டி பேரலைத் தொடாது. குளிர்ச்சி தேவைப்படும் சோனுக்கு அது எதிரி.

ஆக, நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். அவுட்புட் எல்லாம் ஒரே திரையில் தெரிவது எங்களுக்கு நிறைய மிச்சப்படுத்தியது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான்கு சோன் பேரலில் ஹீட்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் நான் வந்து உங்களுக்கு எண் போட்டுத் தர முடியாது. உங்கள் பழைய கன்ட்ரோலர்களிலேயே கீழ் வரியில் செட் பாயிண்ட்டுக்குப் பதிலாக அவுட்புட் சதவீதம் காட்ட வழி இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள், பல மாடல்களில் உண்டு. இருந்தால் இன்றைக்கே மாற்றிவிட்டு, லைன் ஓடும்போது நான்கு சோனின் எண்ணையும் எனக்கு போட்டோ எடுத்து அனுப்புங்கள்.